இரண்டு கடை விலை, எந்த சதவீதம்?

ஒரே 25 கிலோ பொன்னி அரிசி மூட்டை ஒரு கடையில் 1,250 ரூபாய், இன்னொரு கடையில் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 250 ரூபாய். இது எத்தனை சதவீதம்? 1,250-ஆல் வகுத்தால் 20, 1,500-ஆல் வகுத்தால் 16.67. கணக்கு இரண்டும் சரிதான். எதை அடிப்படையாக வைப்பது என்பதுதான் கேள்வி.

சதவீத மாற்றம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது: புதிய விலையிலிருந்து பழையதைக் கழித்து, பழையதால் வகுப்பது. போன மாத விலை, எம்.ஆர்.பி., தள்ளுபடி போன்றவற்றுக்கு இதுதான் பொருந்தும். அங்கே ஒரு விலை முந்தியது, அதுவே அடிப்படை. அதை மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

சதவீத வித்தியாசம் என்ற இன்னொரு முறையில் இடைவெளியை இரண்டு விலைகளின் சராசரியால் வகுக்கிறோம். நம் அரிசிக்குச் சராசரி 1,375. 250-ஐ அதனால் வகுத்தால் 18.18 சதவீதம். எந்தக் கடையை முதலில் சொன்னாலும் இதே எண்தான் வரும். இரண்டு கடைகளின் விலைப்பட்டியலை வைத்து ஒப்பிடும் தாளில் நான் தேர்ந்தெடுத்தது இந்த முறையைத்தான்.

ஒரே ஒரு பொருளைப் பார்க்கும்போது இந்தத் தேர்வு அவ்வளவு முக்கியமில்லை. பல பொருள்களின் சதவீதத்தைக் கூட்டிச் சராசரி எடுக்கும்போதுதான் விஷயம் முற்றுகிறது. முதல் கடையில் துவரம் பருப்பு ஒரு கிலோ 160, நல்லெண்ணெய் அரை லிட்டர் 200. இரண்டாம் கடையில் பருப்பு 200, எண்ணெய் 160. இரண்டிலும் மொத்த பில் 360 ரூபாய்தான். முதல் கடையை அடிப்படையாக வைத்தால் பருப்பு 25 சதவீதம் கூடுதல், எண்ணெய் 20 சதவீதம் குறைவு. சராசரி எடுத்தால் இரண்டாம் கடை 2.5 சதவீதம் விலை அதிகம் என்று வரும். இரண்டாம் கடையை அடிப்படையாக வைத்தால், அதே 2.5 சதவீதம் முதல் கடையின் தலையில் விழும். அடிப்படையாக நிற்கும் கடைக்கு எப்போதும் கொஞ்சம் சலுகை கிடைக்கிறது. ஏற்றத்தைச் சிறிய எண்ணால் வகுக்கிறோம், இறக்கத்தைப் பெரிய எண்ணால் வகுக்கிறோம் என்பதே காரணம். சராசரியால் வகுத்தால் பருப்புக்கு +22.22, எண்ணெய்க்கு −22.22, கூட்டினால் பூஜ்யம். பில்லும் அதைத்தான் சொல்கிறது. இரண்டு கடைகளை நடுநிலையாக ஒப்பிட வேண்டுமென்றால் எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

எக்செல்லில் முதல் கடை விலை B2-இலும் இரண்டாம் கடை விலை C2-இலும் இருக்க, கூட்டல் கழித்தல் குறியோடு விடை வேண்டுமென்றால் இப்படி:

```
=(C2-B2)/AVERAGE(B2:C2)
```

கலத்தைச் சதவீத வடிவத்தில் வைத்தால் 100-ஆல் பெருக்கக் கூடாது. பெருக்கினால் 18.18 சதவீதம் 1818 சதவீதமாகிவிடும். இன்னொரு பொறி, ஒரு கடையில் இல்லாத சரக்கு. C2 காலியாக இருந்தால் AVERAGE அதைக் கணக்கில் எடுக்காது, விடை −100 சதவீதம் வரும். அங்கே 0 என்று அடித்திருந்தால் −200. இரண்டுமே விலை வித்தியாசம் இல்லை. பட்டியலில் சரியாக 100, 200 என்று முழு எண் தென்பட்டால் முதலில் அந்த வரியில் விலை இருக்கிறதா என்று பாருங்கள். சராசரி எடுக்குமுன் அந்த வரிகளை நீக்கிவிடுங்கள். ஒரு கடை ஜி.எஸ்.டி. சேர்த்தும் மற்றது சேர்க்காமலும் விலை தந்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் எந்த முறையும் உதவாது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 100 ரூபாயும் 300 ரூபாயும் என்றால் சதவீத வித்தியாசம் 100. படிப்பவர் அதை "இரண்டு மடங்கு" என்று எடுத்துக்கொள்வார், உண்மையில் மூன்று மடங்கு. எவ்வளவு பெரிய இடைவெளியானாலும் எண் 200-ஐத் தாண்டாது. அவ்வளவு தூரம் விலகிய விலைகளுக்கு மடங்கையே சொல்வது நல்லது. மறுபக்கம் 98-க்கும் 100-க்கும் மூன்று கணக்குமே இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான் வரும், அங்கே வாதமே வேண்டாம்.

"18 சதவீதம் மலிவு" என்று மட்டும் எழுதாதீர்கள். 1,500-இல் 18.18 சதவீதம் கழித்தால் 1,227 ரூபாய் வரும், கடையில் வாங்குவது 1,250-க்கு. "மலிவு" என்ற சொல் வந்தாலே ஒரு கடை அடிப்படையாகிவிடுகிறது, அப்போது 16.67-தான் சரியான எண். இரு விலைக்கும் "இடையே 18 சதவீத வித்தியாசம்" என்று எழுதி, பக்கத்திலேயே ரூபாயையும் போட்டுவிடுங்கள். மூன்று நான்கு கடைகள் என்று வந்துவிட்டால் ஜோடி ஜோடியாக இந்தக் கணக்கைப் போடுவதைவிட, எல்லாக் கடைகளின் சராசரியைப் பொது அடிப்படையாக வைப்பது வசதி என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு கடை சேர்ந்தாலோ விலகினாலோ எல்லா எண்களும் நகரும்.