வட்டியில்லாத் தவணையா, கைக்காசா: ஒரே போன், வெவ்வேறு விலை

பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டிப் பக்கம் போன் கடைகளில் ஒரே பெட்டிக்கு இரண்டு விலை சொல்வார்கள். கைக்காசாகவோ வங்கி மாற்றலாகவோ கொடுத்தால் ஒன்று, கார்ட்டில் தவணைக்குப் போட்டால் இன்னொன்று. “வட்டி இல்லை” என்ற பேச்சு இரண்டாவது விலைக்கு மட்டும்தான் பொருந்தும். வட்டி அந்த இரண்டு விலைகளுக்கும் நடுவிலேயே இருக்கிறது.

நீங்கள் 12 மாதத் தவணை எடுத்தாலும் கடைக்காரர் 12 மாதம் காத்திருப்பதில்லை. வங்கி அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதில் ஒரு வீதத்தைத் தனக்கென்று கழித்துக்கொள்கிறது. மாதங்கள் கூடக் கூட அந்தக் கழிவும் பொதுவாகக் கூடும். சிறிய இலாபத்தில் போன் விற்பவரால் இதைத் தன் கையிலிருந்து போட முடியாது. அதனால் விலையில் ஏற்றிவிட்டு, காசுக்கு வாங்குபவருக்கு “விலைக்கழிவு” என்று திருப்பித் தருகிறார். விலை பேசி முடிந்தபின் கார்ட்டுக்கென்று தனியாக ஒரு வீதம் கூட்டினால் அது வேறு விஷயம். வங்கியோடு கடை செய்துள்ள ஒப்பந்தத்துக்கு அது முரண். உங்கள் கார்ட் வங்கியிடம் முறையிடலாம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். போனின் தவணை விலை 200,000 ரூபா, காசு விலை 184,000 ரூபா. இடைவெளி 16,000. பார்வைக்கு இது 8.7% போலத்தான் தெரியும். ஆனால் நீங்கள் ஆண்டு முழுவதும் 184,000 ரூபாவைக் கடனாக வைத்திருக்கப்போவதில்லை. மாதாமாதம் 16,667 ரூபா கட்டக் கட்டக் கடன் கரைகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதியளவு பணம்தான் உங்கள் கையில் இருக்கும். அந்தப் பாதிக்கு 16,000 ரூபா கொடுக்கிறீர்கள். எனவே உண்மையான ஆண்டு வட்டி ஏறத்தாழ இரட்டிப்பாகிறது.

போனில் உள்ள கணிப்பானில் இதைக் கடையிலேயே போட்டுப் பார்க்கலாம். மேலதிகமாகக் கொடுக்கும் தொகையை 24 ஆல் பெருக்குங்கள். காசு விலையைத் தவணை மாதங்களோடு ஒன்று கூட்டிய எண்ணால் பெருக்கி, முதல் விடையை இதனால் வகுங்கள். நம் உதாரணத்தில் 16,000 × 24 = 384,000; 184,000 × 13 = 2,392,000. வகுத்தால் 0.16, அதாவது ஆண்டுக்கு 16% அளவு. சரியாகக் கணித்தால் 15.7% வரும், கடையில் நின்று முடிவெடுக்க இந்த நெருக்கம் போதும்.

இதற்கு மேல் வங்கி தவணைக் கட்டணம் என்று ஒருமுறை 3,000 ரூபா எடுத்தால் மேலதிகம் 19,000 ஆகும், வட்டி 19% ஆக ஏறும். விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் இந்தக் கட்டணத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பல வேளைகளில் அவருக்கே தெரியாது. வங்கியிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இதே போனை கோகோ, மின்ட்பே போன்ற செயலிகளில் மூன்றாகப் பிரித்து வாங்கினால்? மூன்று மாதம்தானே, செலவு குறைவு என்றுதான் தோன்றும். காசு விலையை விட அதே 16,000 ரூபா கூடக் கொடுத்தால் கணக்கு தலைகீழாகிவிடும். முதல் பங்கான 66,667 ரூபா வாங்கும்போதே போய்விடுகிறது. உண்மையில் நீங்கள் கடன் வாங்குவது 117,333 ரூபா மட்டுமே. அதற்குப் பதிலாக அடுத்த மாதம் ஒரு 66,667, அதற்கடுத்த மாதம் இன்னொரு 66,667 கட்டுகிறீர்கள். மாதத்துக்கு ஏறக்குறைய 9% வட்டி. ஆண்டுக் கணக்கில் 100 வீதத்தைத் தாண்டுகிறது. செயலி வட்டி எடுக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் நீங்கள் விட்டுக்கொடுத்த விலைக்கழிவு அந்த வேலையைச் செய்துவிட்டது. விலை இடைவெளி ஒன்றாகவே இருந்தால், தவணை மாதங்கள் குறையக் குறைய அது விலை கூடிய கடன். மறுபுறம், அதே 200,000 ரூபாவை மேலதிகக் கட்டணம் இல்லாமல் 24 மாதத்துக்குப் பிரித்துத் தந்தால் வட்டி 8 வீதமளவுக்கு இறங்கும். ஆனால் 24 மாதத்துக்குக் கட்டணமோ விலையோ கூடாமல் கிடைக்கிறதா என்பதைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே கடையில் முதற்கேள்வி முக்கியம். கார்ட்டைப் பற்றி வாய் திறக்குமுன், “அண்ணா, காசாத் தந்தா கடைசி விலை எவ்வளவு?” என்று கேளுங்கள். தவணை பற்றி முதலில் கேட்டால், கூடிய விலையே ஒரே விலையாகச் சொல்லப்படும். ஒப்பிடும் இரண்டு விலையும் ஒரே வகை வாரண்டி உள்ள போனுக்குத்தானா என்றும் பாருங்கள். கம்பனி வாரண்டி உள்ளதற்கும் கடை வாரண்டி மட்டும் உள்ளதற்கும் விலை வேறு; அந்த வித்தியாசத்தை வட்டியாகக் கணக்கிட்டால் தப்பான விடைதான் வரும்.

உண்மையாகவே இலவசமாகும் சந்தர்ப்பமும் உண்டு. சில பெரிய காட்சியறைகளில் காசு கொடுத்தாலும் விலை இறங்காது. அங்கே கட்டணமில்லாத 12 மாதத் தவணை எடுத்து, 200,000 ரூபாவை 4% தரும் சேமிப்புக் கணக்கில் வைத்து அதிலிருந்து மாதாமாதம் கட்டினால், ஆண்டு முடிவில் வரிக்கு முன் ஏறக்குறைய 4,300 ரூபா மிஞ்சும். நம் கணிப்பில் எல்லைக்கோடு இதுதான்: கையில் பணம் இருப்பவருக்கு, காசுக் கழிவு 4,300 ரூபாவைத் தாண்டினால் காசுதான் நல்லது. கையில் பணம் இல்லாதவர் தவணையின் 16 வீதத்தை, தனக்குக் கிடைக்கக்கூடிய வேறு கடனின் வட்டியோடு ஒப்பிட வேண்டும். நகை அடகோ தனிநபர் கடனோ அதைவிடக் குறைவாகக் கிடைத்தால், அதை எடுத்துக் காசு விலைக்கு வாங்குவதே இலாபம்.

பிரிட்ஜ், வொஷிங் மெஷின் வாங்கும்போது ஏமாறும் இடம் வேறாக இருக்கும். சித்திரைப் புத்தாண்டு, நத்தார் காலத்தில் ஒரே விளம்பரத்தில் கார்ட்டுக்கு விலைக்கழிவும் இருக்கும், வட்டியில்லாத் தவணையும் இருக்கும். இரண்டும் சேர்ந்தே கிடைக்கும் என்று நம்பிப் போவார்கள். பெரும்பாலும் ஒன்றைத்தான் தெரிவு செய்ய முடியும். முழுத்தொகை கட்டினால் கிடைக்கும் கழிவைக் கேட்டு, அதே கணக்கைப் போடுங்கள். 15% கழிவை விட்டு 12 மாதத் தவணை எடுப்பவர் ஆண்டுக்கு 30 வீதத்துக்கு மேல் வட்டி கட்டுகிறார்.

தவணையை எடுத்தபின் பணம் பறிபோகும் இடம் பெரும்பாலும் கார்ட் கூற்றுதான். சில வங்கிகளில் கார்ட்டை இழுக்கும்போதே தவணையாகப் பதிவாகும். வேறு சிலவற்றில் அது சாதாரணக் கொள்வனவாகப் போய், நீங்கள் வங்கிக்கு அழைத்து மாற்றச் சொல்ல வேண்டும். ஸ்லிப்பில் தவணை மாதங்கள் அச்சாகியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். இல்லையென்றால் கூற்றுத் திகதிக்கு முன் அழையுங்கள்; தவறினால் 200,000 ரூபாவும் அந்த மாதமே நிலுவையாக வந்து நிற்கும்.

சரியாகப் பதிவானாலும் மாதத் தவணை கூற்றின் ஒரு பகுதிதான். ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டிவிட்டு மீதியை விட்டால், மீதிக்குக் கார்ட்டின் முழு வட்டியும் ஏறும். அந்த மாதம் வாங்கிய மரக்கறி, மருந்துக்கான வட்டியில்லா நாட்களும் போய்விடும். கார்ட்டின் எல்லை 250,000 என்றால், பொதுவாக முதல் நாளே 200,000 முடங்கி, செலவழிக்க 50,000 மட்டும் எஞ்சும். கட்டக் கட்டத்தான் அது விடுபடும். இடையில் மொத்தமாகக் கட்டி முடிக்க நினைத்தால், அதற்கும் கட்டணம் உண்டா என்று கேட்ட பிறகே கட்டுங்கள். மீதியை முன்கூட்டிக் கட்டுவதால் விலையில் ஏற்றிய 16,000 ரூபாவில் ஒரு சதமும் திரும்பி வராது.