உயரத் தட்டா, பூட்டிய பெட்டியா? அசிட்டுக்கும் குளோரினுக்கும் வீட்டில் இடம் தேடிய கதை

எங்கள் வீடு கிளிநொச்சிக்கு அருகே, வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீடு. இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் ஒரு விறாந்தை, மலசலகூடம் வெளியே. குசினியில் கதவு போட்ட அலுமாரி கிடையாது. அதனால் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள அலுமாரிக்குப் பூட்டுப் போடச் சொல்லும் ஆலோசனை எங்களுக்கு உதவவில்லை.

போன மாரியில் தங்கச்சியின் மகன் ஒரு சோடாப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். அவனுக்கு இரண்டரை வயது. "பெரியம்மா, இதைத் திறந்து தாங்கோ" என்றான். உள்ளே இருந்தது மலசலகூடம் கழுவும் அசிட். வீடு வீடாக வருபவரிடம் வாங்கி நான்தான் அந்தப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தேன். மூடி இறுகியிருந்ததால் மட்டுமே பிள்ளை தப்பினான். அன்றிலிருந்து நான்கு இடங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டோம்.

முதல் இடம் மலசலகூடத்து மூலை. பாவிக்கும் இடத்திலேயே இருப்பது வசதிதான். ஆனால் தவழும் பிள்ளைக்கும் நாய்க்குட்டிக்கும் அது கை எட்டும், வாய் எட்டும் இடம். எங்கள் நாய் கீழே கிடக்கும் எந்தப் பிளாஸ்டிக்கையும் கடித்துப் பார்க்கும். அந்த மூலையை உடனே கைவிட்டோம்.

இரண்டாவது, குசினிச் சுவரில் ஐந்தரை அடி உயரத்தில் ஒரு தட்டு. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு அளந்து பார்த்தேன். நான்கு வயதுப் பிள்ளை ஏறக்குறைய 100 சென்ரிமீற்றர் உயரம், கையைத் தூக்கினால் 120 வரை எட்டும். பிளாஸ்டிக் கதிரையின் இருக்கை 43 சென்ரிமீற்றர். அதில் ஏறினால் 163, கிட்டத்தட்ட ஐந்தரை அடி. மேசையில் ஏறினால் சொல்லவே வேண்டாம். உயரம் பிள்ளையைத் தாமதப்படுத்தும், தடுக்காது. பூனைக்கோ அந்தத் தட்டு ஒரு பாய்ச்சல்தான். தட்டிவிட்டால் போத்தல் கீழே விழுந்து உடையும், கீழே இருப்பது சோற்றுப் பானை.

உயரத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அனல் பறக்கும். வெளுக்கும் குளோரின் திரவம் சூட்டில் வீரியம் இழக்கும், மெல்ல மெல்ல வாயுவும் விடும். கழுத்துவரை நிரப்பி இறுக மூடிய சோடாப் போத்தல் என்றால் அடி உப்பிவிடும். அப்படி உப்பிய போத்தலை முகத்துக்கு அருகே வைத்துத் திறக்கவே கூடாது.

மூன்றாவது, வளவுக் கொட்டில். பிள்ளைகள் அங்கே அதிகம் போவதில்லை, பூட்டும் இருக்கிறது. ஆனால் அங்கே வயலுக்கு அடிக்கும் மருந்தும் யூரியா மூட்டையும் டீசலும் இருக்கின்றன. வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தந்த குளோரின் தூளை இவற்றோடு வைப்பது ஆபத்து. அந்தத் தூளில் டீசலோ மண்ணெண்ணெயோ பட்டால் தானாகவே தீப்பற்றலாம். யூரியாவோடும் அது சேரக் கூடாது. குளோரின் தூளுக்குக் கொட்டில் தோதான இடமல்ல.

நான்காவது, தகர ட்ரங்குப் பெட்டியும் ஆமைப்பூட்டும். பிள்ளைக்கும் நாய்க்கும் பூனைக்கும் ஒரே தீர்வு என்று மகிழ்ந்தேன். அசிட், குளோரின் தூள், பினைல் எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்தேன். மூன்று மாதத்தில் மூடியின் உட்பக்கம் செம்மண் நிறமாகிவிட்டது, பூட்டில் சாவி திரும்பவில்லை. அசிட்டின் ஆவியும் குளோரினின் ஆவியும் தகரத்தைத் தின்னும். பூட்டை வெட்டித்தான் திறந்தோம். திறந்தபோது மூக்கைக் குத்தும் ஒரு நெடி. உடனே எட்ட நின்று காற்று வாங்கவிட்டோம். அசிட்டும் குளோரினும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். கண் எரிவும் இருமலும் அதன் முதல் அடையாளம். மூடிய பெட்டிக்குள் இரண்டும் கசிந்தால், திறப்பவரின் முகத்தில்தான் அது அடிக்கும்.

ஆகவே எனக்குப் பிடித்தது பூட்டுத்தான். ஆனால் தகரம் வேண்டாம், ஒரே பெட்டியும் வேண்டாம். தச்சரிடம் சொல்லி இரண்டு பலகைப் பெட்டிகள் செய்வித்தோம். வெயில் படாத பின்விறாந்தைச் சுவரில், ஒன்றுக்கு ஒன்று எதிர்முனையில், ஐந்தடி உயரத்தில் அடித்தோம். காற்றுப் போக அடியில் சிறு ஓட்டைகள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டி, கசிந்தால் அதற்குள் நிற்கும். ஒன்றில் அசிட், பினைல், மண்ணெண்ணெய். மற்றதில் குளோரின் தூளும் வெளுக்கும் திரவமும் மட்டும். பூட்டு வெளிப்பக்கம் இருப்பதால் ஆவி நேரே படாது. இருந்தாலும் மாதம் ஒருமுறை எண்ணெய் போடுகிறேன்.

அடுத்தது பெயர் எழுதுவது. இதில் கடைப் போத்தலா, மாற்றி ஊற்றிய போத்தலா என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைப் போத்தலில் எச்சரிக்கையும் இருக்கும், அதன் வடிவமே இது குடிக்கும் பொருளல்ல என்று சொல்லும். எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் போத்தலின் வடிவம்தான் எழுத்து. சோடாப் போத்தலில் எத்தனை சிவப்பு எழுத்து எழுதினாலும் அவனுக்கு அது சோடாதான். குளோரின் தூளைப் பால்மாப் பேணியில் போடுவதும் அதே தவறு. பேணியும் துருப்பிடிக்கும், தூளும் பார்க்க மாவு மாதிரி இருக்கும். திருகு மூடி உள்ள, உணவு வராத பிளாஸ்டிக் டப்பாவே சரி. அது ஈரமில்லாமல் இருக்க வேண்டும்.

சில்லறையாக வாங்கியதற்கு நாமே எழுதத்தான் வேண்டும். வெறும் கடதாசி ஊறிவிடும். மார்க்கர் எழுத்தை மண்ணெண்ணெய் அழித்துவிடும், வெளுக்கும் திரவம் மங்கச் செய்யும். கடதாசியில் எழுதி, அதன் மேல் அகலமான செலோரேப்பைச் சுற்றி ஒட்டினால் நிற்கும். நான் எழுதுவது நான்கே வரி: "அசிட். மலசலகூடத்துக்கு மட்டும். குளோரினுடன் சேர்க்காதே. வாங்கிய திகதி." அம்மம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். அவருக்கு அது போதும்.

தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அசிட் மேலே வரும்போது தொண்டையை இரண்டாம் முறை சுடும், மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் போகும். தேசிக்காய், உப்புத் தண்ணி ஒன்றும் வேண்டாம். வாயைக் கழுவி, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரச் சொல்லுங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது போத்தலையும் கொண்டு போங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும்.

பூனை வைத்திருப்பவர்கள் பினைல் விடயத்தில் கொஞ்சம் பொறுங்கள். பினைலில் உள்ள சில பொருட்களைப் பூனையின் ஈரல் எங்களுடையதைப் போல் வெளியேற்றாது. ஈர நிலத்தில் நடந்து, பிறகு காலை நக்கினாலே அது உள்ளே போய்விடும். நிலம் காயும்வரை எங்கள் பூனை வெளியேதான்.

எந்தப் பெட்டியாலும் மூட முடியாத நேரம் ஒன்று உண்டு. கழுவிக்கொண்டிருக்கும்போது போத்தல் திறந்தபடி நிலத்தில் இருக்கும், யாராவது வாசலில் கூப்பிடுவார்கள். அதனால் தேவையானதை வாளியில் ஊற்றியதும், தேய்க்கத் தொடங்கும் முன்பே போத்தலை மூடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறேன். வாசலுக்குப் போகும்போது வாளியும் கையோடு வரும்.