வட்டச் சின்னத்தில் சொல் மாற்றக் கொடுக்கிறீர்களா? புள்ளி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு இந்த ஆண்டு ஐம்பது வயது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு அடித்த வெள்ளிவிழா பட்ஜ் ஒன்று அலுமாரியில் இருந்தது. மஞ்சள் வட்டம், சிவப்புக் கோடுகள், மேல் வளைவில் நிலையத்தின் பெயர், நடுவில் விளக்கும் புத்தகமும், கீழ் வளைவில் ‘வெள்ளி விழா’. கீழே உள்ள இரண்டு சொற்களை எடுத்துவிட்டு ‘பொன்விழாக் கொண்டாட்டம்’ என்று போட்டால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் முடிவெடுத்தோம். செயலாளர் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

யாழ்ப்பாண நகரில் ஓர் அச்சகத்தில் கொடுத்தேன். பெயரை எழுதப்போவதில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். கோயில் திருவிழா, விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம் என்று வட்டச் சின்னம் அடிக்காத ஊர் இங்கே இல்லை.

250 பட்ஜ், ஒன்று 110 ரூபா. “பழைய படம் தெளிவில்லை அண்ணை, முழுவதையும் புதிதாக வரைய வேண்டும்” என்று அதற்குத் தனியாக 6,000 ரூபா. மொத்தம் 33,500. பற்றுச்சீட்டில் ‘புதிதாக வரைதல்’ என்று அச்சகக்காரர் தெளிவாக எழுதிக்கொடுத்தார். முற்பணம் 20,000 கட்டினேன். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அதில் ‘பொன்விழாக் கொண்டாட்டம்’ என்ற சொற்கள் நேர்கோட்டில் இருந்தன. “எழுத்துப்பிழை இல்லைத்தானே?” என்று கேட்டார். ‘விழாக்’ என்பதில் ஒற்று மிகவேண்டுமா என்று தலைவரும் நானும் அரை மணி நேரம் வாதாடி, சரி என்று பதில் போட்டேன். நான் ஏமாந்தது அந்த இடத்தில். நேர்கோட்டில் சரியாக இருக்கும் தமிழ், வளைத்த பிறகும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். வளைத்த படத்தை அவர் அனுப்பவே இல்லை, நானும் கேட்கவில்லை.

விழாவுக்கு ஒன்பது நாள் இருக்கையில் தலைவரின் மகன் போய் மிச்சப் பணத்தையும் கட்டிப் பெட்டியைத் தூக்கிவந்தான். பத்திரிகை வாசிக்க வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதைத் திறந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “தம்பி, இது என்ன சொல்?” என்றார்.

‘கொண்டாட்டம்’ என்பதில் ண்‑க்கு உரிய புள்ளி, ணகரத்தின் தலையை விட்டு நகர்ந்து அடுத்த டகரத்தின் பக்கம் போய் நின்றது. ட்‑இன் புள்ளியும் அப்படியே. கடைசி ம்‑இன் புள்ளிக்குப் போக அடுத்த எழுத்து இல்லாததால் அது வெறும் மஞ்சளில் தனியாக மிதந்தது. ‘பொன்’ என்பதில் கொம்பு ஒரு பக்கம், பகரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். மூன்று எழுத்துகள் மூன்று வீட்டுக்காரர்கள் போல.

அன்று இரவு மகளின் கேத்திரகணிதப் பெட்டியை வாங்கிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். பட்ஜின் முகம் 58 மில்லிமீற்றர். வெளிச் சிவப்புக்கோடு மையத்திலிருந்து 27 மி.மீ., உள்கோடு 20 மி.மீ. இரண்டுக்கும் இடையில் 7 மி.மீ. பட்டை, எழுத்துகள் ஓட வேண்டிய பாதை அதுதான். கவராயத்தின் முனையை மையத்தில் குத்தி, பென்சிலை மேல் வளைவில் உள்ள பெயரின் அடியில் வைத்துச் சுற்றினேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை கோடு எழுத்தின் அடியிலேயே போயிற்று. கீழே புதுச்சொற்களுக்கு அதையே செய்தேன். நடுவில் எழுத்தின் அடிக்கும் வெளிக்கோட்டுக்கும் 3 மி.மீ. இடைவெளி. இரண்டு முனைகளுக்கும் வர வர அது குறைந்து, கடைசியில் எழுத்து சிவப்புக்கோட்டின் மேலேயே ஏறி நின்றது. அதாவது, எழுத்துகள் ஓடிய வளைவு வேறு, சின்னத்தின் வட்டம் வேறு. இரண்டுக்கும் மையம் ஒன்றல்ல.

இன்னொன்றும் தெரிந்தது. டகரத்துக்கு ஒரு செங்குத்துக் கோடும் ஒரு படுக்கைக் கோடும் உண்டு, இரண்டும் சந்திக்கும் மூலை செங்கோணம். வட்டப்பாதையில் முறையாக எழுத்தை ஏற்றினால் ஒவ்வொரு எழுத்தும் முழுதாகச் சாயும், அந்த மூலை செங்கோணமாகவே இருக்கும். இந்தப் பட்ஜில் டகரத்தின் நிற்கும் கோடு நிமிர்ந்தே நிற்க, அடிக்கோடு மட்டும் சரிந்து ஏறியது. அப்படியானால் எழுத்தைப் பாதையில் வைக்கவில்லை. நேராக அடித்த சொல்லை ஒரே படமாகப் பிடித்து, இறப்பரை இழுப்பதுபோல வளைத்திருக்கிறார்கள். அந்த வளைப்பால் சிறிய வளைவு தர முடியும். எங்களுக்கு வேண்டியதோ பெரிய வளைவு. அதனால்தான் முனைகள் வட்டத்தோடு திரும்பாமல் கோட்டில் முட்டின.

பூதக்கண்ணாடியை வைத்தபோது 6,000 ரூபாவின் கதையும் வெளியே வந்தது. கீழ்ப்பகுதியில் மஞ்சள் நிறம் ஒரு திட்டாக, சற்று வெளிறி இருந்தது. அதன் ஓரத்தில், உள்கோட்டை ஒட்டி, மயிர்போல ஒரு சிவப்புச் சுழிப்பு. பழைய ‘வெள்ளி’யின் ளி‑இல் இருந்த கொக்கியின் நுனி! புதிதாக எதையும் வரையவில்லை. பழைய பட்ஜை ஸ்கேன் செய்து, பழைய சொல்லின் மேல் மஞ்சள் பூசி மூடி, அதன்மேல் புதுச்சொல்லை ஒட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் அச்சகத்துக்குப் போனேன். “நீங்கள்தானே வாட்ஸ்அப்பில் சரி என்றீர்கள்” என்றார். நேர்கோட்டில் இருந்ததைத்தான் சரி என்றேன் என்றதற்கு, “தமிழை வளைத்தால் இப்படித்தான் வரும் ஐயா, கணினிக்குத் தமிழ் தெரியாது” என்றார். அந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. அது பொய்.

நண்பரின் மருமகள் வடிவமைப்பு வேலை செய்பவர். அவரிடம் பட்ஜைக் காட்டியதும் முதலில் கேட்டது, “பாமினியில் அடித்திருக்கிறார்களா மாமா?” நம் அச்சகங்களில் பாமினி எழுத்துரு இன்னும் ஓடுகிறது. அதில் ‘பொன்’ என்று வர விசைப்பலகையில் அடிப்பது இது:

```
nghd;
```

முதல் n கொம்பு, g பகரம், h கால், d னகரம், ; புள்ளி. கணினியைப் பொறுத்தவரை இவை ஐந்து தனி எழுத்துகள். புள்ளி, முன்னால் உள்ள எழுத்தின் தலைமேல் பின்னோக்கிச் சாய்ந்து நிற்கும்படி வரையப்பட்டது. எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டினால், னகரத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவிலும் அந்த இடைவெளி விழுந்துவிடும். எங்கள் புள்ளிகள் வீடு மாறியது இப்படித்தான்.

ஆனால், கீழ் வளைவில் இடைவெளியைக் கூட்டாமல் இருக்கவும் முடியாது. கீழ் வளைவில் இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டுமானால் எழுத்தின் அடி வெளிவிளிம்பைப் பார்க்கும், தலை மையத்தைப் பார்க்கும். எங்கள் பட்டையில் எழுத்தின் அடி 25 மி.மீ. ஆரையில் ஓடினால், மூன்றரை மி.மீ. உயரமுள்ள எழுத்தின் தலை 21.5 மி.மீ. ஆரையில் ஓடும். உள்வட்டம் சிறியது. ஆகவே தலைப்பக்கத்தில் இடம் 14 வீதம் குறைகிறது. தமிழில் புள்ளியும் கொக்கியும் இருப்பது தலைப்பக்கத்தில்தான், நெருக்கடி முழுவதும் அவற்றுக்கு. மேல் வளைவில் இது தலைகீழ்: அங்கே தலைகள் விரிந்து, ‘மு’, ‘கு’ போன்றவற்றின் வால்கள்தான் நெரிபடும். ஆகவே கீழே கொஞ்சம் தளர்த்தி, மேலே கொஞ்சம் இறுக்க வேண்டும்.

இதற்கு அவர் சொன்ன வழி யூனிகோட் எழுத்துரு. தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரிந்த மென்பொருளில், ‘பொ’ முழுவதும் ஒரே துண்டாக நின்று ஒன்றாகவே சாயும். அவர் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் என் கண்முன்னால் செய்துகாட்டினார். ஸ்கேன் படத்தை அடியில் வெறும் தடமாக வைத்து, இரண்டு சிவப்பு வட்டங்களையும் மேல்பெயரையும் புதிதாகப் போட்டார். பிறகு அதே மையத்தில் 25 மி.மீ. ஆரைக்கு ஒரு வட்டம். அதை `Object to Path` கொடுத்துப் பாதையாக்கி, `Reverse` கொடுத்துத் திசையைத் திருப்பினார். திருப்பாவிட்டால் எழுத்து வட்டத்தின் வெளியே ஏறி, கீழ்ப்பகுதியில் தலைகீழாக நிற்கும். பின் சொற்களையும் பாதையையும் சேர்த்துத் தெரிவுசெய்து `Put on Path`. வட்டத்தைச் சுழற்றிச் சொற்களை நடுவுக்குக் கொண்டுவந்தார்.

இடம் போதுமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 25 மி.மீ. ஆரையில் சுற்றளவு 157 மி.மீ. பழைய ‘வெள்ளி விழா’ 30 மி.மீ. நீளம், அதாவது ஏறத்தாழ 69 பாகை. புதுச்சொற்கள் 60 மி.மீ., கிட்டத்தட்ட 138 பாகை. மேல்பெயர் 170 பாகையைப் பிடிக்கிறது. 360இல் மிச்சம் 52, பக்கத்துக்கு 26 பாகை, நடுவில் ஒரு நட்சத்திரம் வைக்கவும் இடம் இருக்கிறது. முன்பு 69 பாகை பிடித்த சொல்லுக்குப் பதிலாக இரண்டு மடங்கு நீளமான சொல் வருகிறது என்பதை எடுத்த எடுப்பிலேயே அச்சகம் சொல்லியிருக்க வேண்டும்.

வட்ட எழுத்துச் செய்து தரும் இணையப் பக்கம் ஒன்றையும் ஆசைக்கு முயன்றேன். கொம்பு தனியாகப் பிரிந்து, அதன் பக்கத்தில் புள்ளிகளாலான சிறு வட்டம் ஒன்று வந்தது. அந்தப் புள்ளிவட்டத்தைக் கண்டால் மேலே பார்க்கவே வேண்டாம், அந்தக் கருவிக்கு அந்த இடத்தில் தமிழ் கோக்கத் தெரியவில்லை.

அவர் வரைந்ததை அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்துகளை உருவமாக மாற்றிவிட்டார். அடுத்த கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் குழம்பாது. ஆனால் அதற்குப் பிறகு சொல்லைத் திருத்த முடியாது, ஆகவே திருத்தக்கூடிய பிரதி ஒன்றை எனக்குத் தனியாகத் தந்தார். உண்மையளவில், 58 மி.மீ. அளவிலேயே, தாளில் அச்சிட்டு வெட்டிச் சட்டையில் குத்திப் பார்த்தோம். முதல் அச்சகத்தில் நான் கேட்காமல் விட்டது இந்தத் துண்டுத் தாளைத்தான்.

வேறோர் அச்சகம் ஐந்து நாளில் 100 பட்ஜ் அடித்துத் தந்தது. அதற்குமேல் நிலையத்தில் பணம் இல்லை. பழைய அச்சகத்திடம் ‘புதிதாக வரைதல்’ என்ற 6,000ஐயாவது திருப்பித்தரும்படி கடிதம் கொடுத்தேன். பற்றுச்சீட்டின் பிரதியையும், ளி‑இன் கொக்கி தெரியும்படி எடுத்த படத்தையும் இணைத்தேன். பதில் வராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுதுவதாக அதிலேயே சொன்னேன். நான்காம் நாள் 3,000 ரூபாவை ஒரு பையன் கையில் கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டு, மிச்சம் 3,000 என்று எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். இன்னும் வரவில்லை.

250 பட்ஜும் நிலையத்து அலுமாரியில் இருக்கின்றன. அந்த ஆசிரியர் மட்டும் விழாவன்று அதில் ஒன்றைக் குத்திக்கொண்டு வந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் ண்‑இன் புள்ளி எங்கே என்று தேடச் சொல்லிக்கொண்டிருந்தார்.