எவர்சில்வர் கத்தியில் துரு: சோடாவா, வினிகரா, சிட்ரிக் அமிலமா?

ஸ்பூன்கள் பளபளவென்று இருக்கும், அவற்றோடு கிடக்கும் கத்திகளில் மட்டும் பழுப்புப் புள்ளிகள் பூத்திருக்கும். வாங்கியது ஒரே செட், கழுவுவதும் ஒன்றாகத்தான். எவர்சில்வர் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்களோ என்று தோன்றும். ஏமாற்று எதுவும் இல்லை. ஸ்பூனும் கத்தியும் ஒரே எஃகில் செய்யப்படுவதில்லை, அவ்வளவுதான்.

நல்ல ஸ்பூனின் பின்பக்கம் 18/10 அல்லது 18/8 என்று பொறித்திருக்கும். 18 சதவீதம் குரோமியம், 10 அல்லது 8 சதவீதம் நிக்கல் என்று பொருள். கத்திக்கு இந்த எஃகு சரிப்படாது. அதைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்க முடியாது, கூர் நிற்காது. அதனால் கத்தி அலகை 13 சதவீதம் போலக் குரோமியமும் கூடுதல் கார்பனும் உள்ள எஃகில் செய்கிறார்கள். அந்தக் கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. மேற்பரப்பைக் காக்க மிஞ்சுவது இன்னும் குறைவு. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், கத்தி பச்சக்கென்று ஒட்டும், 18/10 ஸ்பூனில் ஒட்டாது அல்லது லேசாக இழுக்கும். ஸ்பூனும் நன்றாக ஒட்டினால் அது பெரும்பாலும் நிக்கல் இல்லாத 18/0 வகை. அதற்கும் துரு கொஞ்சம் சீக்கிரம் வரும்.

எவர்சில்வரைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்ஸைடு படலம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. கீறினாலும் காற்று பட்டதும் மறுபடி மூடிக்கொள்ளும். இதற்கு எதிரி உப்பில் இருக்கும் குளோரைடு. அது ஏதாவது ஓர் இடத்தில் படலத்தைத் துளைத்துவிட்டால், அந்த ஊசிமுனைக் குழிக்குள் தேங்கும் ஈரம் அமிலமாகிறது, படலம் மூடிக்கொள்ள விடாமல் உள்ளே தோண்டிக்கொண்டே போகிறது. துரு பரவலாக வராமல் புள்ளி புள்ளியாக வருவது இதனால்தான்.

ஆனால் எல்லாப் புள்ளியும் அப்படி உள்ளிருந்து வந்ததல்ல. வெளியிலிருந்து வந்து ஒட்டிய துருவும் உண்டு. பக்கத்தில் கிடந்த துருப்பிடித்த பொருளிலிருந்தோ தேய்த்த கம்பி நாரிலிருந்தோ உதிர்ந்த இரும்புத் துகள் மேலே உட்கார்ந்து துருப்பிடிக்கும். ஸ்பூனில் நாம் பார்ப்பது அநேகமாக இந்த ஒட்டுத்துரு, கத்தியில் பார்ப்பது அநேகமாகச் சொந்தத்துரு. எந்த முறை வெல்லும் என்பதை இந்த வேறுபாடுதான் முடிவு செய்கிறது.

இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறிப்போன நாலு கத்திகள் என்னிடம் இருந்தன, எல்லாம் ஒரே செட். அலகில் கடுகளவுப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி மங்கலான பழுப்பு வளையம். ஒவ்வொரு கத்திக்கும் ஒரு முறை என்று பிரித்துக்கொண்டேன்.

முதல் கத்திக்குச் சமையல் சோடா. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிபோலக் குழைத்து, ஈரத்துணியில் எடுத்து, பாலிஷ் கோடுகள் ஓடும் திசையிலேயே தேய்த்தேன். இரண்டு நிமிடத்தில் வளையங்கள் போய்விட்டன. புள்ளிகளின் நடுவில் கருப்பு மட்டும் அசையவில்லை. சோடா துருவைக் கரைப்பதில்லை, மென்மையாக உரசி எடுக்கிறது, அவ்வளவே. ஒட்டுத்துருவுக்கு அது தாராளமாகப் போதும், குழிக்குள் அதன் கை எட்டாது. அதனாலேயே முதலில் இதைச் செய்துபார்க்கச் சொல்வேன். தேய்த்ததும் இடம் மொழுமொழுவென்று ஆகிவிட்டால் ஒட்டுத்துரு, வேலை முடிந்தது. ஊசிமுனையை மெதுவாக ஓட்டும்போது எங்காவது சிக்கினால் அங்கே குழி விழுந்திருக்கிறது.

இரண்டாவதற்கு வினிகர். துணியை நனைத்து அலகில் சுற்றி அரை மணி நேரம் விட்டேன். கருப்பு பாதி கரைந்தது, மீதியைப் பல்துலக்கும் பழைய பிரஷ் எடுத்தது. மோசமில்லை, ஆனால் மந்தம். பலரும் சொல்லும் இரண்டு 'மேம்பாடுகள்' இங்கே வேலையைக் கெடுக்கும். ஒன்று, வினிகரோடு சோடாவைக் கலப்பது. பொங்கிவரும் நுரை பார்க்க நன்றாயிருக்கும், ஆனால் அமிலமும் சோடாவும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. இன்னொன்று உப்பு சேர்ப்பது. நோயைக் கொண்டுவந்த குளோரைடையே மருந்தில் கலந்தால் என்ன ஆகும்?

மூன்றாவதற்குச் சிட்ரிக் அமிலத் தூள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 40 கிராம், அதாவது சுமார் மூன்று மேசைக்கரண்டி. இருபது நிமிடம் ஊறிய பிறகு பிரஷால் இரண்டு இழுப்பு, குழி சுத்தம். சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்துக் கரைசலுக்குள் இழுத்துவிடும், குரோமியத்தை அவ்வளவாகத் தொடாது. எஃகுத் தொழிற்சாலைகளிலும் மேற்பரப்பில் ஒட்டிய இரும்பை நீக்கிப் படலத்தைச் சீராக்கச் சிட்ரிக் கரைசல் பயன்படுகிறது. எலுமிச்சைச் சாற்றில் இருப்பதும் இதே அமிலந்தான். ஒன்றிரண்டு புள்ளிக்குச் சாறு போதும், செட் முழுக்க என்றால் தூள்தான் வசதி. இரவெல்லாம் ஊறவிடாதீர்கள், கத்தி அலகு கறுத்துப்போகும். மரப்பிடிக் கத்தியைத் தண்ணீரில் போடாமல் துணி சுற்றியே செய்யுங்கள்.

நாலாவதற்கு ஆக்ஸாலிக் அமிலம் கலந்த துருநீக்கும் பொடி. வேகத்தில் இதுதான் முதல். குழைத்துத் தடவி ஒரு நிமிடத்துக்குள் துரு கரைந்தது. ஆனால் வயிற்றுக்குள் போனால் நஞ்சு, கையுறை வேண்டும், டப்பாவில் போட்ட நேரத்துக்கு மேல் விடக்கூடாது, நன்றாக அலச வேண்டும். பிளீச்சோடு எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும். பிளீச்சே குளோரின் சார்ந்ததுதான், அது தனியாகவும் எவர்சில்வருக்கு ஆகாது. வாயில் வைக்கும் ஸ்பூனுக்கு ஆக்ஸாலிக்கை நான் எடுப்பதில்லை. சிட்ரிக் தோற்றுப்போன பழைய கத்திக்கு மட்டும் எடுப்பேன்.

அப்புறம், போட்டியில் சேர்க்காமல் விட்ட கம்பி நார். ஒரு பழைய ஸ்பூனை அதில் தேய்த்தேன், ஒரே நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஆனது. ஈரத்தோடு வைத்துவிட்டு மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் நார் ஓடிய கோடுகளிலெல்லாம் பழுப்புப் பொடி. நாரின் இரும்பு கீறல்களுக்குள் தங்கித் துருப்பிடித்திருந்தது. அதைச் சோடா போட்டுத் துடைத்து, பத்து நிமிடம் சிட்ரிக் கரைசலில் போட்டதும் சரியாயிற்று. கீறல்கள் அப்படியே இருக்கின்றன.

ஆக, ஸ்பூனுக்குச் சோடா, கத்திக்குச் சிட்ரிக் என்பதே என் தேர்வு. ஆனால் எந்த அமிலமும் குழியை நிரப்பாது. அந்த மூன்றாவது கத்தியில் துரு போன இடத்தில் சாம்பல் நிறப் பொட்டுகள் இன்னும் இருக்கின்றன. ஈரத்தோடு டிராயரில் போட்டால் முதலில் பழுப்பாவது அதே பொட்டுகள்தான். பாத்திரம் கழுவும் மெஷினில் போடுகிறவர்கள் கழுவி முடிந்ததும் கத்திகளை மட்டுமாவது வெளியே எடுத்துத் துடைத்துவிடுங்கள். மூடிய சூட்டிலும் ஆவியிலும் மணிக்கணக்காகக் கிடப்பதுதான் அலகும் பிடியும் சேரும் இடுக்கில் முதல் புள்ளியை வரவைக்கிறது.