உச்சி வெயிலில் சோலார் இன்வெர்ட்டர் நின்றுபோனால் ஸ்டெபிலைசருக்குப் பணம் கொடுக்காதீர்கள்

3 கிலோவாட் சோலார் போட்ட பல வீடுகளில் இப்போது ஒரே புகார். காலையில் நன்றாக ஓடும் இன்வெர்ட்டர், பதினொன்றரை மணிக்கு மேல் `Grid Over Voltage` என்று காட்டி நின்றுவிடுகிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே ஓடத் தொடங்கி, மறுபடி நிற்கிறது. மொபைல் ஆப்பில் அந்த நேரத்து வரைபடம் சீப்புப் பல் மாதிரி இருக்கும். மேகமூட்டமான நாளில் இந்தத் தொல்லையே இருக்காது. போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டால், "இ.பி. வோல்ட்டேஜ் சரியில்லை சார், ஸ்டெபிலைசர் வைக்கணும்" என்கிறார். அப்படி ஒரு தோப்பு வீட்டில் பதினெட்டாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பணம் போன விதத்தைத் தெரிந்துகொண்டால் மற்றவர்கள் தப்பிக்கலாம்.

இன்வெர்ட்டர் நிற்பது அதன் பழுதல்ல. லைனில் வோல்ட்டேஜ் 230-க்கு மேல் பத்து சதவீதம், அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினால் இரண்டு நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதி. லைன் சரியான பிறகும் குறைந்தது 60 நொடி பொறுத்துத்தான் மறுபடி சேர வேண்டும். இன்வெர்ட்டர் அதைத்தான் செய்கிறது. ஆகவே "கார்டு போச்சு, மாத்தணும்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பழுதான கார்டுக்கு வெயில் தெரியாது.

வோல்ட்டேஜ் ஏன் ஏறுகிறது? இன்வெர்ட்டர் மின்சாரத்தை வெளியே தள்ள வேண்டுமானால், தன் முனையில் லைனைவிடச் சற்று அதிக வோல்ட்டேஜ் வைத்தாக வேண்டும். நடுவில் இருக்கும் ஒயரின் தடை எவ்வளவோ, அவ்வளவுக்கு அது ஏறும். இன்னொரு பக்கம், தெருமுனை டிரான்ஸ்பார்மரின் பெயர்ப்பலகையில் 11000/433 என்று போட்டிருக்கும். 433 என்பது இரண்டு பேஸுக்கு நடுவே. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் கணக்குப் போட்டால் 250 வோல்ட். லோடு ஏறினால் லைனில் இறங்கிப் போகும் என்பதற்காகவே கொஞ்சம் கூட்டி வைத்தது அது. மத்தியானம் பம்ப்செட்கள் நின்று, வீடுகளில் ஃபேன் மட்டும் ஓடும்போது, இறங்க வேண்டியது இறங்குவதில்லை. 250-க்கும் 253-க்கும் நடுவே மிஞ்சுவது மூன்றே வோல்ட்.

இந்த மூன்று வோல்ட்டை யார் தின்கிறார்கள் என்பதைத்தான் அளந்து பார்க்க வேண்டும். நல்ல மல்டிமீட்டரும் கிளாம்ப் மீட்டரும் போதும், ஆனால் உயிருள்ள லைன் என்பதால் எலக்ட்ரீஷியன் கூட இருக்கட்டும். இ.பி. மீட்டரின் சீலைத் தொட வேண்டாம், அதை ஒட்டிய மெயின் சுவிட்சில் அளந்தால் போதும். காலை பத்து மணி வாக்கில், இன்வெர்ட்டர் இன்னும் நிற்காமல் ஓடும்போது அளப்பது நல்லது. முதலில் இன்வெர்ட்டர் முனையில் ஒரு அளவு, உடனே மெயின் சுவிட்சில் ஒரு அளவு. பிறகு இன்வெர்ட்டரின் ஏ.சி. எம்.சி.பி.யை இறக்கிவிட்டு மெயின் சுவிட்சில் இன்னொரு அளவு.

அந்தத் தோப்பு வீட்டில் 8 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தபோது இன்வெர்ட்டரில் 251.7, மெயினில் 247, இன்வெர்ட்டரை நிறுத்தியதும் மெயினில் 245. அதாவது வெளி லைனில் ஏறியது 2 வோல்ட். வீட்டுக்குள், கூரையிலிருந்து மெயின் வரை 40 மீட்டர் ஒயரில் மட்டும் ஏறியது 4.7 வோல்ட். உச்சி வெயிலில் 12 ஆம்பியர் வந்தால் முதலாவது 3 ஆகும், இரண்டாவது 7-க்கு மேல் போகும். 245-ஓடு கூட்டினால் 255. நிற்காமல் என்ன செய்யும்?

40 மீட்டருக்கு இவ்வளவு ஏறக் கூடாது. கொட்டேஷனில் "4 ஸ்கொயர் காப்பர்", அதாவது 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்று இருந்தது. போக வர 80 மீட்டருக்கு அதன் தடை 0.37 ஓம், 8 ஆம்பியருக்கு 3 வோல்ட்தான் வரும். வந்ததோ 4.7. டி.பி. பெட்டியைத் திறந்து ஒயரின் முனையைக் கத்தியால் சுரண்டியபோது உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. அலுமினியம். 4 ஸ்கொயர் அலுமினியம் தடையில் 2.5 ஸ்கொயர் காப்பருக்குச் சமம். திருகின் கீழே இன்சுலேஷன் பழுப்பேறியும் இருந்தது. அலுமினியம் காலப்போக்கில் திருகுக்கடியில் நசுங்கித் தளர்ந்து சூடாகும், அதனால் இது உற்பத்தி நஷ்டத்தோடு முடிகிற விஷயமில்லை. காப்பருக்குக் காசு வாங்கிக்கொண்டு அலுமினியம் இழுத்து, அதனால் வந்த கோளாறுக்கு இ.பி.யைக் காட்டி, ஸ்டெபிலைசரையும் விற்றிருக்கிறார்கள்.

ஸ்டெபிலைசர் வைத்ததும் இன்வெர்ட்டர் நிற்காமல் ஓடியது உண்மைதான். அதுதான் ஆபத்து. அது லைனின் வோல்ட்டேஜைக் குறைப்பதில்லை, இன்வெர்ட்டரின் கண்ணிலிருந்து மறைக்கிறது. லைன் பக்கம் 258 போனாலும் இன்வெர்ட்டர் 235 என்று நினைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஏறிய வோல்ட்டேஜ் அதே பேஸில் உள்ள பக்கத்து வீட்டு டி.வி.க்கும் எல்.இ.டி. பல்புக்கும் போகும்.

காசு வாங்காமலே செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. இன்வெர்ட்டர் செட்டிங்கில் நாட்டை மாற்றியோ, உச்ச வரம்பை 265, 270 என்று ஏற்றியோ விட்டுப் போய்விடுவார்கள். மெனுவில் `Grid Code` அல்லது `Safety Country` என்ற இடத்தில் இந்தியா இருக்கிறதா, வரம்பு 253 வாக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

சரியான தீர்வு ஒயரில் தொடங்குகிறது. அதே 40 மீட்டருக்கு 6 ஸ்கொயர் காப்பர் போட்டால் 12 ஆம்பியருக்கு 3 வோல்ட்தான் ஏறும், மொத்தம் 251-இல் நிற்கும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் போட்டிருந்தால் ஐந்து வருடப் பராமரிப்பு விற்றவர் பொறுப்பு. கொட்டேஷனையும் சுரண்டிய ஒயரின் படத்தையும் சேர்த்து எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் இன்வெர்ட்டரை நிறுத்திய பிறகும் மத்தியானம் 250, 251 காட்டுகிறது என்றால் எந்த ஒயரும் காப்பாற்றாது. அது பீடரின், அதாவது தெருவுக்கு வரும் லைனின் விஷயம். அந்தத் தெருவில் சோலார் வீடுகள் எல்லாம் ஒரே பேஸில் விழுந்திருக்கலாம். அப்படியானால் லைன்மேன் கம்பத்தில் உங்கள் சர்வீஸை லோடு அதிகமுள்ள பேஸுக்கு மாற்றினாலே சில வோல்ட் இறங்கும். ராத்திரியிலும் வோல்ட்டேஜ் எகிறி, பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால், சந்தேகம் நியூட்ரல் மேல். கம்பத்திலோ டிரான்ஸ்பார்மரிலோ அது தளர்ந்திருக்கும். மெயினை அணைத்துவிட்டு உடனே புகார் கொடுங்கள், காத்திருக்கக் கூடாது.

மூன்று பேஸிலும் வோல்ட்டேஜ் சமமாக அதிகம் என்றால் டிரான்ஸ்பார்மரின் டேப்பை, அதாவது அது தரும் வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, ஒரு படி மாற்றக் கேட்கலாம். 2.5 சதவீதப் படி என்றால் ஏறக்குறைய 6 வோல்ட் இறங்கும். சின்ன டிரான்ஸ்பார்மர்களில் டேப் இல்லாமலும் இருக்கும். கேட்கும் முன் இரவு ஏழு மணிக்கும் அளந்து எழுதி வையுங்கள், முடிந்தால் லைனின் கடைசி வீட்டிலும். அங்கே இரவில் 218 இருந்தால் மாற்றிய பின் 212 ஆகும், 230-இல் பத்து சதவீதம் குறைந்த 207-க்கு மேலேதான். 210-தான் என்றால் டேப்பைத் தொட முடியாது, இ.பி. உதவிப் பொறியாளர் மறுப்பதும் நியாயமே. அப்போது கேட்க வேண்டியது பேஸ் மாற்றமும் தடித்த லைன் கம்பியும். ஒரு வாரத்து மத்தியான, இரவு அளவுகளைத் தேதியோடு, இன்வெர்ட்டர் ஓடும்போது ஒன்று, நிறுத்திய பின் ஒன்று என எழுதி மனுவோடு கொடுங்கள்.