கிரால் பட்ஜெட்டை மீட்டுத் தருவதாகச் சொன்னவருக்கு 24,000 ரூபாய் கொடுத்தேன். கட்டுரைகள் கூகுளுக்குத் தெரியாமல் போயின

பழைய கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்ட தளத்தை வைத்திருப்பவர்கள் என் நிலைக்கு ஆளாகிவிடக் கூடாது என்பதற்காக, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஆளின் பெயரையும் அவருடைய நிறுவனத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவர் செய்த வேலையை அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

வேளாண்மை குறித்து பதினைந்து ஆண்டுகளாக வேர்ட்பிரஸ்ஸில் நடத்திவரும் என் தளத்தில் ஏறத்தாழ 4,200 கட்டுரைகள் இருக்கின்றன. மாத வாரியான தொகுப்பு, பகுப்பு, குறிச்சொல் ஆகியவற்றின் பட்டியல் பக்கங்களைப் பக்க எண்களோடு சேர்த்தால் இன்னொரு 2,000 வரும். பழைய தீம் ஒவ்வொரு பட்டியலிலும் `?sort=` என்று மூன்று வகை வரிசைப்படுத்தலையும், `?view=` என்று இரண்டு வகைத் தோற்றத்தையும் இணைப்பாகக் கொடுத்திருந்தது. இரண்டும் சேர்ந்து வரும்போது எது முன்னால் வரும் என்பதும் இடத்துக்கு இடம் மாறியதால், ஒரே பட்டியலுக்குப் பதினெட்டு முகவரிகள். ஆக 2,000 பக்கங்கள் 36,000 முகவரிகளாகப் பெருகியிருந்தன. இது சரிசெய்யப்பட வேண்டிய குறைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆலோசகர் இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆபத்தாகச் சொன்னார். கூகுள்பாட் என்ற கூகுளின் நிரல் பக்கங்களைப் படிக்க வந்துபோகும் அளவைத்தான் கிரால் பட்ஜெட் என்கிறார்கள். கூகுள் தளத்துக்கு ஒதுக்கிய அந்த பட்ஜெட் முழுவதும் இந்த முகவரிகளிலேயே கரைவதாகவும், அடைத்துவிட்டால் மிச்சமாகும் பட்ஜெட் அப்படியே கட்டுரைகளுக்குப் போய்ச் சேரும் என்றும் விளக்கி, மூன்று தவணையாக 36,000 ரூபாய் கேட்டார். இரண்டு தவணை கொடுத்துவிட்டேன்.

முதலில் ஏமாந்தது அந்த விளக்கத்தில்தான். கிரால் பட்ஜெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவை, பொதுவாக, பத்து லட்சத்துக்கு மேல் பக்கங்கள் கொண்டு வாரந்தோறும் மாறும் தளங்களும், பத்தாயிரத்துக்கு மேல் பக்கங்கள் கொண்டு நாள்தோறும் மாறும் தளங்களும்தான் என்று கூகுளின் வழிகாட்டுதலே சொல்கிறது. ஒரு பகுதியை அடைத்ததால் மிச்சமாகும் வருகை வேறு பகுதிக்குத் தானாகத் திரும்பாது என்பதையும், தளத்தின் சர்வர் தாங்கும் எல்லையைக் கூகுள் ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருந்தால் மட்டுமே அப்படி நடக்கும் என்பதையும் அதுவே தெளிவாக்குகிறது. என் சர்வர் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. புதிய கட்டுரைகள் வெளியான மறுநாளே தேடலில் வந்துகொண்டிருந்தன என்பதை அப்போதே யோசித்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

தளத்தின் எந்தப் பகுதிக்குள் வரக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் கோப்பு `robots.txt`. அவர் என் கோப்பில் எழுதிவைத்தது இதுதான்:

```
User-agent: *
Crawl-delay: 10
Disallow: /20
Disallow: /*?
Noindex: /*?view=print
```

ஐந்தே வரிகள். இவற்றை நான் படித்துப் பார்க்காமல் இருந்தது என் தவறு. அடுத்த மாதம் அவர் அனுப்பிய அறிக்கையில், கூகுள்பாட்டின் வருகை நாளொன்றுக்கு 5,100-இலிருந்து 640-ஆக இறங்கிவிட்டது, வீணாவது நின்றுவிட்டது என்று பச்சை அம்புக்குறி போட்டிருந்தார். நானும் மகிழ்ந்தேன். எந்தப் பக்கங்களுக்கான வருகை குறைந்தது என்று அந்த அறிக்கையில் ஓரிடத்திலும் இல்லை என்பது கண்ணில் படவில்லை.

இரண்டு மாதம் கழித்து, குறுவை சாகுபடி பற்றிய என் பழைய கட்டுரை ஒன்றைக் கூகுளில் தேடியபோது தலைப்பு வந்தது. அதன் கீழே வழக்கமான இரண்டு வரிச் சுருக்கத்துக்குப் பதிலாக, இந்தப் பக்கத்தைப் பற்றித் தகவல் எதுவும் இல்லை என்ற அறிவிப்பு இருந்தது. சர்ச் கன்சோலில் அந்த முகவரியைச் சோதித்தால் `Blocked by robots.txt` என்றது. காரணம் மூன்றாவது வரி. மாதத் தொகுப்புகளின் முகவரி `/2013/07/` என்று தொடங்குவதால், அவற்றை அடைப்பதற்காக `/20` என்று எழுதியிருக்கிறார். `robots.txt` விதி முகவரியின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிடுகிறது. அந்தத் தொடக்கத்துக்குப் பின்னால் என்ன இருந்தாலும் அடைபடும். என் கட்டுரைகளின் முகவரியோ `/2013/07/kuruvai-sagupadi/` என்ற வடிவம். தொகுப்போடு சேர்ந்து 4,200 கட்டுரைகளும் அடைபட்டுவிட்டன.

இதைச் சுட்டிக்காட்டியபோது, முடிவைக் குறிக்கும் `$` சேர்த்து `/20*/*/$` என்று மாற்றித் தருகிறேன் என்றார். அதுவும் உதவாது. நட்சத்திரக் குறி சாய்கோட்டையும் தாண்டிப் பொருந்தும் என்பதால், சாய்கோட்டில் முடியும் கட்டுரை முகவரியும் அதே வலையில் விழும். தேதி வழி முகவரி கொண்ட தளத்தில் தொகுப்பை மட்டும் `robots.txt` வழியாகப் பிரித்தெடுக்கப் பார்ப்பது வீண் வேலை; தொகுப்புப் பக்கங்களை அப்படியே விட்டுவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

நான்காவது வரி இன்னொரு வகையில் கெடுத்தது. கேள்விக்குறி உள்ள எல்லாவற்றையும் அடைத்ததால், `style.css?ver=` என்று வேர்ட்பிரஸ் தானாகப் பதிப்பு எண் சேர்த்து அழைக்கும் கோப்புகளும் அடைபட்டு, திறந்திருந்த ஒருசில பக்கங்களையும் கூகுள் அலங்கோலமாகத்தான் பார்த்திருக்கிறது. ஐந்தாவது வரிக்குப் பயனே இல்லை. தேடல் அட்டவணையில் சேர்க்காதே என்று `robots.txt`-இல் எழுதும் `Noindex` விதியைக் கூகுள் 2019 செப்டம்பர் 1 முதல் கணக்கில் எடுப்பதில்லை. வருகைகளுக்கு நடுவே இடைவெளி விடச் சொல்லும் `Crawl-delay`-ஐயும் கூகுள்பாட் பொருட்படுத்தாது. இந்த இரண்டு வரிகளையும் பார்த்தாலே, எங்கிருந்தோ பழைய கோப்பை நகலெடுத்து ஒட்டியிருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அச்சுத் தோற்றப் பக்கங்களில் நடந்தது கொஞ்சம் நுட்பமானது. `?view=print` முகவரிகளில் சுமார் 900 ஏற்கெனவே தேடல் அட்டவணையில் ஏறியிருந்தன. அவற்றை நீக்க வேண்டுமானால் பக்கத்திலேயே `noindex` குறி இருக்க வேண்டும், அந்தக் குறியைப் படிக்கக் கூகுளுக்கு வழியும் திறந்திருக்க வேண்டும். வழியை அடைத்துவிட்டால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. முகவரி மட்டும் `Indexed, though blocked by robots.txt` என்ற தலைப்பின் கீழ் அட்டவணையில் தங்கிவிடும். என் 900 பக்கங்களும் அங்கேதான் கிடந்தன.

கடைசியில் நானே அவர் எழுதியதை அழித்துவிட்டு இவ்வளவு மட்டும் வைத்தேன்:

```
User-agent: *
Disallow: /*?*sort=
```

வரிசைப்படுத்தும் முகவரிகள் அட்டவணையில் ஏறியிருக்கவில்லை என்பதால் அவற்றை நேரடியாக அடைக்கலாம். அச்சுத் தோற்றப் பக்கங்களுக்குத் தீமிலேயே `noindex` சேர்த்து, வழியைத் திறந்தே விட்டேன். கூகுள் `robots.txt`-இன் நகலை பொதுவாக 24 மணி நேரம் வரை வைத்திருக்கும் என்பதால் மாற்றம் மறுநாள் தெரிந்தது. ஆனால் கட்டுரைகளின் சுருக்கம் தேடலில் திரும்பிவர ஐந்து வாரமாயிற்று, பழையவற்றுக்கு இன்னும் அதிகம். உங்கள் தளத்தில் யாராவது இப்படிக் கைவைத்திருந்தால், அவர் தரும் அறிக்கையை விட்டுவிட்டு, சர்வர் பதிவேட்டில் ஆண்டு எண்ணில் தொடங்கும் கட்டுரை முகவரிகளுக்குக் கூகுள்பாட் வந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்:

```
grep Googlebot access.log | grep -c 'GET /20'
```

என் பதிவேட்டில், அவர் கோப்பை மாற்றிய இரண்டாம் நாளிலிருந்து இந்த எண் ஒற்றை இலக்கத்தில் இருந்தது. அவையும் கூகுள்பாட் என்று பெயர் போட்டுக்கொண்டு வந்த போலிகள்.

கொடுத்த பணத்தைக் கேட்டதற்கு, கிரால் குறைந்தது ஒப்பந்தப்படி நடந்ததுதான் என்று பதில் வந்தது. அடுத்த வாரம் மூன்றாம் தவணை 12,000 ரூபாய்க்கான பில்லையும் அனுப்பியிருக்கிறார்.