தூதரக டிரைவர் இடித்தால்: ஊரிலிருந்து வந்தவரா, உள்ளூர்க்காரரா?

டெல்லி ஆர்.கே.புரம் மலை மந்திரில் கும்பிட்டுவிட்டு ரோட்டைக் கடக்கும் ஒரு பாட்டியை நீல நம்பர் பிளேட் போட்ட தூதரகக் கார் இடித்து, கால் முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கேட்க வேண்டியது, டிரைவர் யார் என்பதுதான்.

அவர் தூதரகத்தின் சொந்த நாட்டிலிருந்து வந்த பணியாளர் என்றால், தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 37(3) பிரிவு பொருந்தும். பணியின்போது செய்த செயலுக்கு மட்டுமே இந்திய நீதிமன்ற விசாரணையிலிருந்து விலக்கு. தூதரை விமான நிலையத்துக்கு அழைத்துப்போகும் வழியில் இடித்தால் வழக்கு நகராது. அது நகர, அவரை அனுப்பிய நாடே விலக்கை வெளிப்படையாகக் கைவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொந்த வேலையாகப் போயிருந்தால் விலக்கு இல்லை. அதனால் விசாரணையில் பயணப் பதிவேடுதான் உயிர்நாடி.

டிரைவர் கரோல் பாக்கில் குடியிருக்கும் நம்ம ஊர்த் தமிழர் என்றால் கதையே வேறு. அவர் இந்தியக் குடிமகன். 38(2)-இன்படி இந்தியா அனுமதிக்கும் அளவுக்குத்தான் அவருக்கு விலக்கு. தூதரகப் பணி தேவையில்லாமல் தடைபடக் கூடாது என்பது மட்டுமே போலீசுக்கு உள்ள கட்டுப்பாடு. டூட்டியில் இருந்தேன் என்பது மட்டும் அவரைக் காப்பாற்றாது.

கார் விஷயத்தில் இருவருக்கும் வித்தியாசமில்லை: 22(3)-இன்படி தூதரக வண்டியைச் சோதிக்கவோ ஜப்தி செய்யவோ முடியாது. இழப்பீட்டுக்கோ இரண்டாமவர் வழிதான் பாட்டிக்கு எளிது. முதலாமவர் விலக்குக் கோரினாலும் பொறுப்பு அழிந்துவிடாது, விசாரணைதான் தடைபடும். அப்போது காப்பீட்டு நிறுவனத்தோடு பேசுவதும், வெளியுறவு அமைச்சகம் வழியாகத் தூதரகத்தைக் கேட்பதும்தான் மிச்சம்.